நகல்: மனுதாரருக்கு

மனு எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பஞ்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். தெருவில் யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், யார் பெயர் ரேஷன் அட்டையில் தப்பாக விழுந்தாலும், ஒரு வெள்ளைத்தாளோடு எங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று இடம் விட்டு, ஓரம் மடித்து நான் எழுதிக் கொடுப்பதைப் பார்த்து நகராட்சித் தபால் பிரிவிலேயே ஒருவர் மெச்சியிருக்கிறார். ஆகவே பக்கத்து வீட்டுச் சுவர் எழும்பி எங்கள் அடுப்படி இருண்டபோது எனக்கு வருத்தத்தோடு உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்ததை மறைப்பானேன்? இத்தனை காலம் ஊருக்கு எழுதிய கை, இப்போது தனக்காக ஒன்று எழுதப்போகிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தெருவுக்குத் தெற்கே ஒரே மனையாக இருந்ததை 1968இல் அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கு 30 அடி அகலம், 60 அடி நீளம். நடுவில் 4 அடிச் சந்து, இருவருக்கும் பொது. சந்தில் நடைபாதைப் பாத்தியமும் மழைத்தண்ணீர் போகிற பாத்தியமும் இரு தரப்புக்கும் உண்டு என்று பத்திரம் சொல்கிறது. மேற்குப் பாகத்தை 1981இல் என் அப்பா வாங்கினார். அடுப்படி தென்கிழக்கில், அதாவது அக்னி மூலையில், சந்தைப் பார்த்த ஜன்னலோடு இருக்கிறது. காலை வெயில் அந்த ஜன்னல் வழியாக வந்து அரிசிப் பானை வரைக்கும் விழும். கொல்லைக்குப் போக, கிணற்றைத் தூர்வார, சாக்கடைத் தொட்டியைத் திறக்க என்று எல்லாவற்றுக்கும் அந்தச் சந்துதான் வழி.

கிழக்குப் பாகத்தில் இருந்த ஓட்டு வீட்டைப் புதிதாக ஒருவர் வாங்கி இடித்துக் கட்ட ஆரம்பித்தார். நல்ல மனிதர், என்னைவிட வயதில் சின்னவர், பார்க்கும்போதெல்லாம் "சார் சாப்பிட்டாச்சா?" என்பார். அஸ்திவாரம் சந்தின் ஓரத்தை ஒட்டியே தோண்டப்பட்டதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "சாப்பிட்டாச்சு" என்றேன். பேஸ்மென்ட் எழும்பியது. "என்ன சார், இந்தப் பக்கம் இடமே விடலையே?" என்று கேட்க நினைத்தேன், அதற்குள் அவர் போர் இன்னும் போடவில்லை என்றும், சிமென்ட் நனைக்கத் தண்ணீர் வேண்டும் என்றும் சொன்னார். என் கிணற்று மோட்டாரிலிருந்து குழாய் இழுத்துக் கொடுத்தேன். இன்று என் அடுப்படியை மறைத்து நிற்கிற சுவர் முழுக்க என் வீட்டுத் தண்ணீரில் க்யூரிங் ஆனது. மின்கட்டணம் என்னுடையது.

லிண்டல் மட்டம் வந்தது. முதல் தளம் போட்ட அன்று அவர் வீட்டிலிருந்து கேசரி வந்தது. நன்றாகவே இருந்தது. அந்தத் தளம் சந்துக்குமேல் 2 அடி வெளியே தள்ளியிருப்பதை நான் கேசரி சாப்பிட்டபடியே அண்ணாந்து பார்த்தேன். அதற்குமேல் இரண்டாவது மாடி வந்தது. கடைசியாக, மேலே ஏற ஒரு கான்கிரீட் படிக்கட்டு, சந்துக்குள்ளேயே இறங்கியது. 4 அடியில் படிக்கு மூன்று போக, மீதி ஓர் அடியில் என் போன்ற தொந்திக்காரன் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் கொல்லைக்குப் போக முடியும். கேஸ் சிலிண்டர்காரர் ஒரு தடவை முயன்றுவிட்டு, இனிமேல் வாசலிலேயே வைத்துவிட்டுப் போவதாகச் சொல்லிவிட்டார்.

கட்டுகிற இடத்தில் அனுமதி பெற்ற வரைபடத்தை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இவர் பார்க்கும்படி வைத்திருந்தது ஒரு திருஷ்டிப் பொம்மையும் ஒரு பூசணிக்காயும். இரண்டும் என் வீட்டுப் பக்கம் பார்த்தே தொங்கின.

என் மனைவி அதிகம் பேசமாட்டாள். வெண்டைக்காய்ப் பொரியலில் மூன்று பச்சை மிளகாய் முழுசாகக் கிடந்த அன்று, "பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுட்டு நறுக்கணும்னா சொல்லிடுங்க, போட்டுக்கறேன்" என்றாள். அன்று மாலை நான் பேனாவை எடுத்தேன்.

நான்கு பக்கம் எழுதினேன். சூரியன் எல்லா உயிருக்கும் பொது என்பதில் தொடங்கி, காற்றோட்டமில்லாத அடுப்படியின் கேடுகளைத் தொட்டு, மூட்டுவலிக்காரியான என் மனைவி இருட்டில் படும் அவதியை விவரித்து, படிக்கட்டுக்கும் சுவருக்கும் இடையில் நான் சிக்கிக்கொண்ட சம்பவத்தை மட்டும் கௌரவம் கருதி விட்டுவிட்டு, ஆணையர் அவர்கள் கருணைகூர்ந்து என் வீட்டு வெளிச்சத்தை மீட்டுத் தர வேண்டும் என்று முடித்தேன். கடைசியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பும் சேர்த்தேன்: அண்டை வீட்டாரோடு சுமுகமாக இருக்கிறபடியால் மனுதாரரின் பெயரை ரகசியமாக வைத்திருக்கவும். அடுப்படி ஜன்னல் அடைபட்டது என்று புகார் கொடுக்கக்கூடிய ஆள் அந்தச் சுவருக்கு எதிரே ஒருவன்தான் இருக்கிறான் என்பது எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை.

தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். பதில் வந்தது. மனுவில் கண்ட பொருள் சிவில் தன்மையுடையதாக உள்ளதால், மனுதாரர் உரிய உரிமையியல் நீதிமன்றத்தை அணுகி நிவாரணம் பெற்றுக்கொள்ளலாம் என்ற விவரம் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது. என் நான்கு பக்கத்துக்கு அவர்கள் மூன்று வரி.

கோபத்தில் முதல்வர் தனிப்பிரிவுக்கு எழுதினேன். உடனே எண் கொடுத்தார்கள், குறுஞ்செய்தி வந்தது, மனு சென்னையிலிருந்து மாவட்டத்துக்குப் போனது, மாவட்டத்திலிருந்து உரிய நடவடிக்கைக்காக எங்கள் நகராட்சிக்கு வந்தது, நகராட்சியில் அதே மேசைக்கு வந்தது. ஏற்கெனவே பதில் அளிக்கப்பட்டுவிட்டதால் மனு முடித்துவைக்கப்பட்டது. ஊர் சுற்றிவிட்டு வந்த காகிதத்துக்கு அதே மூன்று வரி. யாரையும் குறை சொல்வதற்கில்லை. மேலே எழுதினால் மேலே இருப்பவர் வந்து டேப் பிடிக்கப்போவதில்லை. பிடிக்கப்போகிறவர் கீழே இருக்கிற நகரமைப்பு ஆய்வாளர் ஒருவர்தான்.

இந்தக் கட்டத்தில் என் மைத்துனன் வந்து சேர்ந்தான். அவன் பதிவுபெற்ற கட்டடப் பொறியாளர். ஊரில் பாதிப் பேருக்கு பிளான் போட்டுக் கொடுப்பவன். என் மனுவின் நகலை வாங்கி நின்றபடியே படித்தான். சூரியனைத் தாண்டியதும் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தான், ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இதுல புகாரே இல்லையே."

"நாலு பக்கம் எழுதியிருக்கேன்டா."

"இருட்டா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. நகராட்சிக்கு இருட்டுன்னு ஒரு கலம் கிடையாது. அவங்களுக்குத் தெரிஞ்சது ரெண்டே விஷயம். ஒண்ணு, பிளான் வாங்கினானா? ரெண்டு, வாங்கின பிளான்படி கட்டினானா? நீங்க அந்த ரெண்டையும் எழுதாம மத்த எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க."

அவன் சொன்னதை நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். எனக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக நகராட்சி யார் சுவரையும் தொடாது. காற்றும் வெளிச்சமும் இன்னார் ஜன்னலுக்கு உரிமை என்று தீர்ப்புச் சொல்வது சிவில் கோர்ட்டின் வேலை. நகராட்சி பார்ப்பது, கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய காலியிடம் விடப்பட்டதா என்பதை. முன்னால் எவ்வளவு, பக்கத்தில் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்பதை 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் இவற்றைப் பொறுத்து அது மாறும். பழைய அக்ரகாரம், கடைத்தெரு மாதிரித் தொடர் கட்டடப் பகுதி என்று அறிவித்த இடங்களில் பக்கத்தில் இடமே விட வேண்டியதில்லை. சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டலாம். அப்படிப்பட்ட தெருவில் இருந்துகொண்டு வெளிச்சம் போச்சு என்று மனுப் போட்டால் அந்தப் பேனா மைக்கும் கேடு. நல்லவேளை, எங்கள் தெரு அதில் இல்லை.

"முதல்ல அவர் பிளானை வாங்குங்க. அவர் விடறேன்னு எழுதிக் கொடுத்தது எவ்வளவுன்னு தெரியாம, விடலைன்னு நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"அவர்கிட்டயே கேட்டா?"

"கேசரி குடுப்பார்."

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பெறுநர் பொதுத் தகவல் அலுவலர். நான் வழக்கம்போல், 'மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் நகராட்சி இதை ஏன் வேடிக்கை பார்க்கிறது?' என்று முதல் கேள்வியைத் தொடங்கியிருந்தேன். மைத்துனன் அதை அடித்துவிட்டான். அந்தச் சட்டம் 'ஏன்' என்பதற்குப் பதில் தராது. அலுவலகத்தில் இருக்கிற காகிதத்தைத்தான் தரும். ஆகையால் காகிதமாகக் கேட்க வேண்டும். இந்தக் கதவிலக்க முகவரிக்குக் கட்டட அனுமதி தரப்பட்டதா, எண் என்ன, நாள் என்ன, அனுமதித்த மாடிகள் எத்தனை, வரைபடத்தின் சான்றிட்ட நகல். அவ்வளவுதான். சட்டப்படி 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தில் மேலே இருப்பவரிடம் முதல் மேல்முறையீடு. இன்னொருவர் சம்பந்தப்பட்ட ஆவணம் என்பதால் அவருடைய கருத்தையும் கேட்டு எழுதினார்கள். அதாவது, இன்னார் உங்கள் பிளானைக் கேட்கிறார், கொடுக்கலாமா என்று பக்கத்து வீட்டாருக்கு ஒரு கடிதம் போனது. என் ரகசியத்துக்கு முதல் கண்டம்.

கடைசியில் வரைபடம் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் மரியாதையே உண்டாயிற்று. எவ்வளவு அழகான வீடு! சுயசான்று முறையில் வாங்கியிருந்தார். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த முறை அது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால், விதிப்படிக் கட்டுகிறேன் என்று நாமே உறுதி கொடுத்து இணையத்தில் உடனே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். முன்கூட்டி யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். அலைச்சல் மிச்சம், லஞ்சத்துக்கு ஒரு வாசல் குறைச்சல். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உறுதி கொடுத்தவர் உறுதியாக இல்லாவிட்டால் அதை முதலில் கண்டுபிடிக்கிற அதிகாரி பக்கத்து வீட்டுக்காரனாகிவிடுகிறான். வரைபடத்தில் தரைத்தளமும் ஒரு மாடியும் இருந்தன. தெருவில் இரண்டு மாடி நிற்கிறது. வரைபடத்தில் படிக்கட்டு வீட்டுக்குள் இருந்தது. தரையில் சந்துக்குள் இருக்கிறது. வரைபடத்தில் என் பக்கம் ஒன்றரை மீட்டர், அதாவது 5 அடி காலியிடம், அதில் அம்புக்குறி போட்டு ஒரு செடிகூட வரைந்திருந்தது. சந்து 4 அடி, இவர் விடுவது 5 அடி, ஆக 9 அடி திறந்தவெளி. காகிதத்தில் என் அடுப்படிக்கு இதுவரை இல்லாத வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

"நீயும் இப்படித்தான் செடியெல்லாம் போட்டுக் குடுப்பியா?" என்று மைத்துனனைக் கேட்டேன்.

"நான் வேப்பமரமே போட்டிருக்கேன், அத்தான். அப்புறம் கட்டறது அவங்க இஷ்டம்" என்றான்.

இரண்டாவது மனுவை அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். அரைப் பக்கம். அனுமதி எண் இன்னது, நாள் இன்னது. அனுமதித்தது ஒரு மாடி, கட்டியது இரண்டு. மேற்குப் பக்கம் விடவேண்டியது 1.5 மீட்டர், விட்டது இல்லை. வரைபடத்தில் இல்லாத படிக்கட்டு பொதுச் சந்தில் கட்டப்பட்டுள்ளது. முதல் தளம் சந்தின்மேல் நீட்டப்பட்டுள்ளது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57 பிரிவுகளின்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். இணைப்பு: வரைபட நகல், பத்திர நகல், போட்டோக்கள். சூரியனைப் பற்றி ஒரு வரியாவது சேர்க்கலாமே என்று மன்றாடினேன். விடவில்லை. 57 என்பது நடக்கிற வேலையை நிறுத்த, 56 என்பது முடிந்ததை அகற்ற அல்லது மாற்ற. "அஸ்திவாரம் தோண்டும்போதே எழுதியிருந்தீங்கன்னா 57லயே முடிஞ்சிருக்கும். ரெண்டு நாள்ல வேலை நின்னிருக்கும்" என்றான். அப்போது நான் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

இந்தத் தடவை நகரமைப்பு ஆய்வாளரே வந்தார். இளைஞர். கையில் டேப்பும் இடுப்பில் போனும். அடுப்படிக்குள் அழைத்துப்போய் விளக்கை அணைத்துக் காட்டினேன். "பாருங்க தம்பி, எவ்வளவு இருட்டு!"

"சார், இருட்டை நான் எப்படி அளக்கிறது? என் கையில இருக்கிறது டேப்பு. வெளிய வாங்க."

வெளியே வந்து, பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து டேப்பை இழுத்தவர் நடுச்சந்தில் நின்றுவிட்டார். எது வரை இழுப்பது? பக்கத்து வீட்டாருடைய எல்லை எங்கே முடிகிறது, சந்து எங்கே தொடங்குகிறது? பத்திரத்தில் 4 அடி என்று இருக்கிறது. கல் எங்கே? பழைய எல்லைக் கல் ஒன்று இருந்தது. அதன்மேல்தான் அந்தப் படிக்கட்டின் முதல் படி. எல்லை தெரியாமல் காலியிடம் குறைவு என்று எழுத முடியாது. எழுதினால் மேலே போகும்போது முதல் கேள்வியே அதுதான் என்றார். சந்து டவுன் சர்வே பதிவேட்டில் நகராட்சிச் சந்து என்று இருந்தால் ஆக்கிரமிப்பு என்று அவர்களே எடுத்துவிடுவார்களாம். தேடிப் பார்த்ததில் அது தனியார் பொதுச் சந்து. ஆகவே சந்துக்காக அல்ல, வரைபடத்தில் இல்லாத படி என்பதற்காகத்தான் அந்தப் படியைத் தொட முடியும். எங்கே சுற்றினாலும் அந்த வரைபடத்துக்கே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

நில அளவைக்குப் பணம் கட்டி விண்ணப்பித்தேன். சர்வேயர் வந்தார், இரு தரப்பும் ஆஜர், தெருவே வேடிக்கை. படத்தை விரித்து, தெருமுனைக் கல்லிலிருந்து அளந்துகொண்டு வந்தார். சந்தின் கிழக்கு ஓரம் எங்கே என்று சுண்ணாம்புக் கோடு போட்டார். சுவருக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு செங்கல்கூட நுழையாது. நான் வெற்றிச் சிரிப்போடு சுற்றும் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை. மேற்கு ஓரத்துக்கும் கோடு போட்டார். கோடு என் அடுப்படிச் சுவரை ஒட்டி வந்தது. ஆனால் ஜன்னலுக்கு மேலே இருந்த என் சன்ஷேடு, கோட்டைத் தாண்டிச் சந்துக்குள் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. கொல்லைப்பக்கம் நான் 2003இல் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் குளியலறையோ ஒரு சுவர் முழுக்கச் சந்தில். தெரு இப்போது என்னை வேடிக்கை பார்த்தது.

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "சார், இதுக்கு பிளான் இருக்கா?" என்றார்.

"அது... பாத்ரூம்தானே."

"இவரும் அதைத்தானே சொல்றார், மாடிதானேன்னு."

பக்கத்து வீட்டாருக்கு நோட்டீஸ் போனது. வந்தவர்களே ஆளைக் கூட்டிவந்து இடித்துவிட முடியாது. காரணம் கேட்டு 15 நாளாவது கொடுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு எல்லா அலுவலகமும் அதில் கவனமாக இருக்கிறது. நியாயமான விஷயம், எனக்கும் ஒரு குளியலறை இருக்கிறதல்லவா. அந்த நோட்டீஸின் மேற்பகுதியில், எந்த அரசுக் கடிதத்திலும் இருக்கிறபடி, 'பார்வை' என்று ஒரு பகுதி இருந்தது. பார்வை 1: என் முழுப்பெயர், தகப்பனார் பெயர், கதவிலக்கத்தோடு, என் மனு, நாள். பார்வை 2: அதே ஆள், முதல்வர் தனிப்பிரிவு மனு. கடைசியில், 'நகல்: மனுதாரருக்கு'. தெருவுக்கே அந்த அமைப்பைச் சொல்லிக்கொடுத்தவன் நான். இத்தனை வருஷம் பார்வை என்ற இடத்தில் பிறர் பெயரை எழுதி எழுதி, என் பெயர் அங்கே வரும் என்று நினைக்கவேயில்லை. கடிதங்களைக் கொண்டுவந்தவர் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். அவருக்கு வந்த நோட்டீஸை என்னிடமும், எனக்கு வந்த நகலை அவரிடமும். சந்தில் பக்கவாட்டில் நின்றபடி நாங்கள் மாற்றிக்கொண்டோம்.

"சார் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். பழக்கதோஷம்.

அடுத்த வாரம் அவருடைய எதிர்மனு போனது: மேற்படி மனுதாரரே சந்தை ஆக்கிரமித்துக் குளியலறையும் சன்ஷேடும் கட்டியுள்ளார். அரைப் பக்கத்தில், எண், அளவு, இணைப்பு என்று சுத்தமாக இருந்தது. முதல் தடவையே அப்படி எழுதத் தெரிந்தவர். எனக்குப் பொறாமையாக இருந்தது. என் மனைவி யாரையும் கேட்காமல் ஆள் வைத்துக் குளியலறையை இடித்துவிட்டாள். சன்ஷேடையும் வெட்டச் சொன்னாள். "நம்ம கை சுத்தமா இருந்தாத்தான் பேசலாம்" என்பது அவள் கட்சி. பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டிய வேலை அது.

படிக்கட்டு போய்விட்டது. சட்டத்துக்கு அதில் பாதிப் பங்குதான். இரண்டு வீட்டுக்கும் பொதுவான பாதாளச் சாக்கடைத் தொட்டியின் மூடியையும் அந்தப் படி அடைத்துக்கொண்டிருந்தது. ஐப்பசி மழையில் அடைத்துக்கொண்டபோது தண்ணீர் என் கொல்லைக்கு வரவில்லை, பள்ளமாக இருந்த அவர் வீட்டுக்குள் போயிற்று. அவருடைய சம்சாரம் என் மனைவியிடம் வந்து, "அக்கா, அந்தப் படியை இடிச்சிடச் சொல்லிட்டேன்" என்றாள். இடித்தார்கள். இப்போது சிலிண்டர் கொல்லைவரை வருகிறது.

சுவரும் மாடியும் நிற்கின்றன. நகராட்சி உத்தரவை எதிர்த்து, அதே 1971 சட்டத்தின் 80-ஏ பிரிவில் அரசிடமே முறையிடலாம், அவர் முறையிட்டிருக்கிறார். அதன்பேரில் முடிவு வரும் வரை நகராட்சி காத்திருக்கிறது. ஊரில் இப்படி நிற்கிற மாடிகளில் பல, இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன என்கிறான் மைத்துனன்.

ஆகவே வெளிச்சத்துக்குச் சிவில் வக்கீலிடமே போனோம். முதல் பதிலிலேயே நகராட்சி சொன்ன இடம்தான். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, ஒரு ஜன்னல் வழியாக 20 வருஷம் இடையூறில்லாமல் வெளிச்சத்தை அனுபவித்துவந்தால் அது பாத்தியமாகிவிடுகிறது. ஜன்னல் 20 வருஷமாக அங்கே இருந்ததற்கு என்ன சாட்சி என்றார். வீட்டில் ஆல்பங்களைக் கவிழ்த்தோம். 1998இல் என் மகளுக்குக் காது குத்திய அன்று அடுப்படியில் எடுத்த போட்டோ ஒன்று கிடைத்தது. குழந்தை வாயைத் திறந்து அழுகிறது, முகத்தில் ஜன்னல் கம்பிகளின் நிழல் கோடு கோடாக விழுந்திருக்கிறது. பின்னால் ஸ்டூடியோ முத்திரையும் நாளும். வக்கீல் அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு மகிழ்ந்துபோனார். குழந்தையை நான் மடியில் வைத்திருக்கிறேன். ஆனால் படத்தில் என் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. சாட்சிக்கு அது தேவையில்லை என்றார்.

இன்னும் ஒன்று சொன்னார். வெளிச்சம் குறைந்தது என்றால் போதாதாம். வீட்டின் மதிப்போ, குடியிருக்கிற சௌகரியமோ கணிசமாகக் கெட்டது என்று காட்ட வேண்டும், 33ஆம் பிரிவு. இன்னொரு ஜன்னலோ, மேலே ஒரு கண்ணாடி ஓடோ போட்டுச் சமாளிக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். "பகலில் விளக்கில்லாமல் சமைக்க முடியவில்லை என்பதற்கு ஏதாவது உதாரணம்?" என்றார். நான் பச்சை மிளகாயைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். பிராதில் அது எந்தப் பத்தியில் வருகிறது என்று நான் இன்னும் பார்க்கவில்லை.

வழக்கு நடக்கிறது. அரசு முறையீடும் நிலுவையில் இருக்கிறது. அடுப்படியில் விளக்கு பகல் முழுக்க எரிகிறது. உங்கள் பக்கத்து மனையில் மணல் லாரி வந்து நின்றால், அன்றைக்கே தகவல் உரிமைச் சட்டத்தில் வரைபடத்தைக் கேளுங்கள். அஸ்திவாரம் தோண்டும்போது டேப்பைப் பிடித்துப் பாருங்கள், பேஸ்மென்ட் எழும்புவதற்குள் அரைப் பக்க மனுவைக் கொடுங்கள். அதற்கு முன்னால் உங்கள் குளியலறையை ஒரு தடவை அளந்துவிடுங்கள். மோட்டார் மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள்.